முட்டை, விளக்கு, பென்சில்: ஷேடிங் போட்டோவுக்குக் கருத்துச் சொல்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கே பேசுவது ஒரே ஒரு பயிற்சியைப் பற்றித்தான். மேஜையில் ஒரு முட்டை, பக்கத்தில் ஒரு விளக்கு, கையில் பென்சில். வரைந்து முடித்ததும் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறார்கள். டோன் என்று நான் எழுதும் இடமெல்லாம் ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பதைத்தான் சொல்கிறேன்.

புதுசா பழகுறவங்க படத்தை அனுப்பி "எப்படி இருக்கு"ன்னு கேட்டா, முதல்ல எதைப் பார்க்கணும்?

முதலில் போட்டோ. அடுத்து வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது. அப்புறம் டோன். கடைசியாக விளிம்புகள். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை, ஏனென்றால் மேலே இருக்கும் ஒரு தப்பு கீழே மூன்று தப்பாகத் தெரியும். வெளிச்சம் வரும் பக்கத்தைக் குழப்பிக்கொண்டவரிடம் போய் "இந்த விளிம்பை இன்னும் மென்மையாக்கு" என்றால் அவர் தப்பான இடத்தில் இருக்கும் விளிம்பை ஒரு மணி நேரம் மெனக்கெட்டு மென்மையாக்கிக்கொண்டு வருவார். போட்டோவே இருட்டாக வந்திருக்கும்போது "டோன் நல்லா டார்க்கா இருக்கு" என்று பாராட்டினால் அதைவிட மோசம். அந்தப் பாராட்டு போனுக்குப் போய்ச் சேரும்.

படமே அப்படியா, இல்ல போன் அப்படிக் காட்டுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வரைந்த இடத்தை விட்டுவிட்டு, ஒன்றுமே வரையாத வெற்றுத்தாளைப் பாருங்கள், முக்கியமாக நான்கு மூலைகளையும். நான்கும் ஒரே அளவு வெளுப்பாக இருந்தால் போட்டோவை நம்பலாம். ஒரு மூலை பழுப்பாகவும் எதிர்மூலை பளிச்சென்றும் இருந்தால் அறை வெளிச்சமோ, படமெடுத்தவரின் கை நிழலோ தாள்மேல் விழுந்திருக்கிறது. முட்டையின் வலப்பக்கம் இருட்டாகத் தெரிவதில் பாதி பென்சில், பாதி அந்த நிழல்.

நான்கு மூலையும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் அது வேறு சங்கதி. கேமரா தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொண்டுதான் வெளிச்ச அளவை வைக்கும். திரை முழுக்க வெள்ளைத்தாள் இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். அனுப்பியவர் தாளின் வெற்றுப் பகுதியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்தி மறுபடி எடுத்தால் போதும்.

இன்னொன்று பென்சிலின் மினுமினுப்பு. கிராஃபைட் அழுத்தமாகப் படிந்த இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் படத்திலேயே மிகக் கறுப்பான இடம் போட்டோவில் வெளிறிப்போய்த் தெரியும். இது சந்தேகமாக இருந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, போனையும் ஜன்னலையும் அதே இடத்தில் விட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளிறிய திட்டு முட்டையில் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் அது மினுமினுப்பு. அதே இடத்தில் இருந்தால் உண்மையிலேயே அங்கே பென்சில் போதவில்லை.

கடைசியாக ஃபோகஸ். விளிம்பு மென்மையாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம், ஆனால் போட்டோ மங்கலாக இருந்தால் எல்லா விளிம்பும் மென்மையாகத்தான் இருக்கும். தாளின் ஓரத்தில் தேதி எழுதியிருப்பார்கள் அல்லது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த எழுத்து கூர்மையாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்கேனர் ஆப்ல எடுத்தா தாள் பளிச்னு வெள்ளையா வருதே, அது போதாதா?

போதாது, அதுதான் ஆபத்தே. அந்த ஆப்கள் ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும் தெளிவாகக் காட்டுவதற்காகச் செய்தவை. லேசான சாம்பலையெல்லாம் அழுக்கு என்று நினைத்து வெள்ளையாக்கிவிடும். முட்டையில் வெளிச்சப் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் நோக்கி மெல்ல மெல்ல ஏறும் இளஞ்சாம்பல்தான் இந்தப் பயிற்சியின் உயிரே, அதைத்தான் அது தின்றுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு வெள்ளை முட்டை, ஒரு கறுப்புத் திட்டு. அதைப் பார்த்து "நடு டோன் காணோம்" என்று நீங்கள் சொல்ல, அவர் "போட்டிருக்கேனே!" என்று முழிக்க, வீண் வம்பு.

அப்போ எப்படி எடுத்து அனுப்பச் சொல்லணும்?

பகல் நேரம், வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம், தாள் தரையிலோ மேஜையிலோ தட்டையாக, போன் தாளுக்கு நேர் மேலே. ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம். போன் நிழல் விழுந்தால் கொஞ்சம் உயரத் தூக்கி, லேசாக ஜூம் பண்ணிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்கிறேன், இல்லாவிட்டால் படம் சுருங்கி, மென்மையாக ஏறும் டோன் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும்.

இதோடு இன்னொரு படமும் கேட்பேன்: முட்டை, விளக்கு இரண்டும் சேர்ந்து தெரியும்படி, அவர் உட்கார்ந்து வரைந்த இடத்திலிருந்து கண் உயரத்தில் எடுத்தது. பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு வரைஞ்ச படத்தை மட்டும் வச்சே சொல்ல முடியுமா?

முடியும். மூன்று சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, முட்டையிலேயே மிக வெளுப்பான பகுதி. அது விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு, வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லை. அது விளக்கு இருக்கும் திசைக்குக் குறுக்கே, முட்டையின் வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடும். மூன்று, மேஜையில் விழும் நிழல். அது முட்டை மேஜையைத் தொடும் இடத்தில் தொடங்கி விளக்குக்கு எதிர்ப்பக்கம் நீளும்.

மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள். மற்ற இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டு, "இதை மட்டும் பார்த்தால் விளக்கு எங்கே?" என்று கேட்டு, போட்டோவின் நகலில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று அம்பும் ஒரே பக்கம் போனால் சரி.

நிழலின் நீளத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். விளக்கு 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் ஏறக்குறைய முட்டையின் உயரம் அளவுக்குத் தள்ளிப் போகும். விளக்கு தாழ இறங்க இறங்க நிழல் நீளும். முட்டையின் தலையில் வெளிச்சம் அடிப்பதாக வரைந்துவிட்டு நிழலை மட்டும் சாயங்கால நிழல் மாதிரி இழுத்துவிட்டிருப்பார்கள், அடிக்கடி வரும் தப்பு இது.

மூணும் ஒத்துப்போகலைன்னா தப்பு எதுலன்னு எப்படிச் சொல்றது?

எனக்கு வந்த ஒரு படத்தையே சொல்கிறேன். வேலைக்குப் போகும் ஒரு பெண், ராத்திரி சாப்பாடு முடிந்து உட்கார்ந்து வரைகிறவர். ஏ4 தாள், படுக்கவைத்த முட்டை, உள்ளங்கை அகலத்துக்கு வரைந்திருந்தார். 2பி பென்சில் ஒன்றுதான். விழும் நிழல் நன்றாக வலப்பக்கம் நீண்டிருந்தது, ஓரமும் தெளிவு. ஆக விளக்கு இடப்பக்கம். ஆனால் முட்டையில் இருட்டான பகுதி வலப்பக்கம் இல்லாமல் அடிவயிற்றில் இருந்தது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தொட்டில் மாதிரி. மிக வெளுப்பான இடமோ உச்சியில். இந்த இரண்டு சாட்சிகளும் விளக்கு தலைக்கு மேலே என்றன, மூன்றாவது இடப்பக்கம் என்றது.

அவருக்கு முன்பே இரண்டு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் விழும் நிழலைக் கீழே கொண்டுவரச் சொன்னார், இன்னொருவர் வலப்பக்கத்தை இன்னும் கறுப்பாக்கச் சொன்னார். நான் அந்த மேஜையின் போட்டோவைக் கேட்டேன். பார்த்தால் இடப்பக்கம் டேபிள் லேம்ப் எரிகிறது, மேலே டியூப் லைட்டும் எரிகிறது! அவர் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார். மேஜையில் லேம்ப்பின் நிழல் அழுத்தமாகத் தெரிந்ததால் அதை எடுத்துக்கொண்டார், முட்டையில் டியூப் லைட்டின் மேல் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார். டியூப் லைட்டினால் முட்டைக்கு அடியிலும் ஒரு மங்கலான நிழல் இருந்திருக்கும், அதைக் கவனிக்கவில்லை.

அவருக்கு நான் சொன்ன முதல் திருத்தம் பென்சிலைப் பற்றியதே இல்லை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, முட்டையை அசைக்காமல், அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி வரையுங்கள் என்றேன், அவ்வளவுதான். லேம்ப் வெளிச்சம் தாளுக்குப் போதவில்லை என்றால் லேம்ப்பைக் கொஞ்சம் தள்ளி, முட்டை, தாள் இரண்டையும் எட்டும்படி வைக்கலாம், ஆனால் இன்னொரு விளக்கைப் போடக்கூடாது.

ஆகவே சாட்சிகள் முரண்பட்டால் உடனே "தப்பு" என்று சொல்லாதீர்கள். ஒன்று அவர் மனதிலிருந்து வரைந்திருப்பார், அல்லது அறையில் இரண்டு விளக்குகள் இருக்கும். எது என்று கேட்டால் தெரிந்துவிடும்.

முட்டை மேல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வச்சா அழகா இருக்குமே, எல்லாரும் வைக்கிறாங்களே?

கோலிக்குண்டுக்கு வைக்கலாம், பளபளக்கும் கத்தரிக்காய்க்கு வைக்கலாம். முட்டை ஓடு மங்கலானது, அதில் அப்படிக் கூர்மையான புள்ளி விழாது. விளக்கைப் பார்த்திருக்கும் பகுதி அகலமாக, எல்லை தெரியாமல் வெளுத்திருக்கும். வெள்ளைப் புள்ளி வைத்த முட்டை பீங்கானில் செய்த முட்டை மாதிரி தெரியும். படத்தில் அந்தப் புள்ளியைக் கண்டால் அவர் முட்டையைப் பார்க்கவில்லை, எங்கேயோ பழகிய ஒரு உருண்டையை ஞாபகத்திலிருந்து போட்டிருக்கிறார் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

"இன்னும் டார்க் பண்ணு"ன்னு சொன்னா போதாதா? எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?

எல்லாரும் சொல்கிறார்கள், கேட்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? முழு முட்டையையும் ஒரு சுற்று அழுத்தித் தேய்த்துவிட்டு வருகிறார். நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசமும் போய் முட்டை உருளைக்கிழங்காகி நிற்கும்.

எந்த இடம், எந்த அளவு என்று சொல்ல வேண்டும், அதற்கு இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். தாளின் ஓரத்திலேயே ஐந்து கட்டம் போடச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் விரல் அகலம். 1 வெறும் தாள். 5 அவரிடம் இருக்கும் பென்சில்களில் மிக மென்மையானதால் முடிந்த மட்டும் கறுப்பு. அப்புறம் 3, அந்த இரண்டுக்கும் சரிபாதியாகத் தெரியும்படி. கடைசியாக 2, 4. இந்தப் பட்டையும் முட்டையும் ஒரே போட்டோவில் இருப்பதால் போன் எல்லாவற்றையும் கொஞ்சம் இருட்டாக்கினாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது "இன்னும் டார்க்" என்பதற்குப் பதில் "முட்டையின் நிழல் பக்கம் உங்கள் பட்டையில் 3ஆக இருக்கிறது, அது 4க்குப் போக வேண்டும், வெளிச்சப் பக்கத்தைத் தொடாதீர்கள்" என்று சொல்ல முடிகிறது.

எச்பி மட்டும் வைத்திருப்பவரின் பட்டையில் 5ஆவது கட்டமே நடுத்தரச் சாம்பலாகத்தான் நிற்கும். எச்பியில் களிமண் அதிகம், எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் கறுக்காது, தாள் பள்ளம் விழும், மினுமினுக்கும், அவ்வளவுதான். அவரிடம் டோனைப் பற்றிப் பேசுவதைவிட ஒரு 4பியோ 6பியோ வாங்கச் சொல்வது மேல்.

நிழலுக்குள்ள ஓரத்துல ஒரு வெளிச்சம் வருமே, அதைப் போட்டிருக்காங்க, ஆனாலும் ஏதோ இடிக்குது.

மேஜையில் பட்ட வெளிச்சம் திரும்பி முட்டையின் நிழல் பக்கத்து அடியில் மெல்ல எழும்பும், அதைச் சொல்கிறீர்கள். அது நிஜமாகவே இருக்கும், வெள்ளை மேஜை விரிப்பு என்றால் நன்றாகவே தெரியும். இடிப்பதற்குக் காரணம் அநேகமாக அதை மிகவும் வெளுப்பாக விட்டிருப்பது.

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். நிழல் பக்கத்தில் இருக்கும் மிக வெளுப்பான இடம், வெளிச்சப் பக்கத்தில் இருக்கும் மிகக் கறுப்பான இடத்தைவிட ஒரு மாத்திரையாவது கறுப்பாக இருக்க வேண்டும். அது தவறினால் முட்டைக்கு அந்தப் பக்கமும் ஒரு விளக்கு எரிவது மாதிரி ஆகிவிடும், உருண்டை உடையும்.

ஆனால் கண்ணால் பார்த்து இதை ஒப்பிட முடியாது, அதுதான் சங்கடம். கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் எப்போதும் அதிக வெளுப்பாகத் தெரியும். கண் பார்ப்பதை ஆராயும் விஞ்ஞானி எட்வர்ட் அடெல்சன் 1995ல் செய்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், நிழலுக்குள் இருக்கும் "வெள்ளை"க் கட்டமும் வெளியே இருக்கும் "கறுப்பு"க் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல், ஆனால் சத்தியம் செய்தாலும் மனசு ஒப்பாது. வரைகிறவரையும் அதே கண்தான் ஏமாற்றியிருக்கிறது. நிழலுக்குள் அந்த வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது, பளிச்சென்று விட்டுவிட்டார்.

ஒரு காகிதத்தில் பஞ்ச் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, ஒரு ஓட்டை அந்த வெளிச்சத்தின் மேலும் இன்னொன்று வெளிச்சப் பக்கத்துச் சாம்பலின் மேலும் வரும்படி படத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் எது கறுப்பு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்களும் போட்டோவைப் பெரிதாக்கி, திரைமேல் அதே ஓட்டைக் காகிதத்தை வைத்துப் பார்க்கலாம், நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நாட்டுக்கோழி முட்டையை வச்சு வரைஞ்சா?

வரையட்டும், ஆனால் அது வெள்ளை இல்லை என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சப் பக்கமே 2இல் தொடங்கலாம், அதை வெறும் தாளாக விட்டிருந்தால்தான் தப்பு. எந்த முட்டை என்று கேட்காமல் கருத்துச் சொல்லி நானே அசடு வழிந்திருக்கிறேன். எந்த முட்டையானாலும் அவித்துவிட்டு வைப்பது நல்லது, உருண்டு விழுந்தால் மேஜையாவது பிழைக்கும். உருளாமல் இருக்க அடியில் இரண்டு அரிசி போதும்.

விளிம்பு மென்மையா இருக்கணும்னு சொல்றாங்க. எல்லா விளிம்புமா?

இல்லை, இங்கேதான் கருத்துச் சொல்கிறவர்களே சறுக்குகிறார்கள். இந்தச் சின்னப் படத்தில் மூன்று வகை விளிம்பு இருக்கிறது, மூன்றும் மூன்று காரணத்தால் வருகின்றன.

முட்டையின் உடம்பில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் மென்மையாக இருக்கும், ஏனென்றால் ஓடு விளக்கை விட்டு மெல்ல மெல்லத் திரும்புகிறது, மடங்கவில்லை. இங்கே ஒரு கோடு தெரிந்தால் முட்டை அந்த இடத்தில் மடிந்த அட்டைப் பெட்டியாகிவிடும். படத்தைச் சிறிதாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆக்கிப் பாருங்கள். அப்போதும் முட்டையின் நடுவே ஒரு கோடு தெரிந்தால் அந்த மாற்றம் வேகமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேஜையில் விழும் நிழலின் ஓரம் ஒரே மாதிரி இருக்காது. முட்டை தொடும் இடத்துக்குப் பக்கத்தில் கூர்மையாக இருக்கும், தள்ளிப் போகப் போக மங்கும். விளக்கு ஒரு புள்ளி இல்லை, அதற்கென்று ஓர் அகலம் இருக்கிறது. முட்டையிலிருந்து தள்ளிப் போகும்போது, விளக்கின் ஒரு பகுதி மட்டும் மறைந்து மீதி தெரியும் இடம் அகலமாகிக்கொண்டே போகும், அதுதான் அந்த மங்கல். சின்ன பல்ப் என்றால் மங்கல் குறைவு, டியூப் லைட் என்றால் அதிகம். பழகுகிறவர்கள் முழு நிழலையும் கத்தரித்து ஒட்டியது போல் கூர்மையாக வைப்பார்கள், அல்லது முழுவதையும் தேய்த்துப் புகையாக்கிவிடுவார்கள். தொடும் இடத்தில் கூர்மையும் கறுப்பும் இல்லாவிட்டால் முட்டை மேஜையில் உட்காராது, மிதக்கும். "மிதக்குது" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த அரை சென்டிமீட்டர்தான்.

மூன்றாவது, முட்டையின் வெளி ஓரம். வெளிச்சப் பக்கத்தில் பின்னால் இருப்பதைவிட முட்டை வெளுப்பாக இருந்தால் தெளிவாகத் தெரியும். நிழல் பக்கத்தின் அடியில் முட்டையின் இருட்டும் மேஜை நிழலின் இருட்டும் கிட்டத்தட்ட ஒரே டோனாகிச் சில இடங்களில் ஓரமே காணாமல் போகும். அங்கே அவர் ஓரத்தைத் தொலைத்திருந்தால் திருத்தாதீர்கள், அது சரி.

முட்டையைச் சுத்தி கறுப்பா ஒரு அவுட்லைன் போட்டிருக்காங்க. அழிக்கச் சொல்லவா?

ஏன் போட்டார்கள் என்று பாருங்கள். வெள்ளைத்தாளில் வெள்ளை முட்டை, கோடு இல்லாவிட்டால் இடப்பக்கம் காற்றில் கரைந்துவிடும் என்று பயந்து போட்டிருப்பார்கள். அழிக்க மட்டும் சொன்னால் நிஜமாகவே கரைந்துவிடும். அதனால் முட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவரை 2 அளவுக்கு லேசாக நிரப்பச் சொல்லுங்கள், அதன் பிறகு கோடு தானாகவே தேவையற்றுப் போகும். பின்னால் இருக்கும் டோன் முட்டையை எடுத்துக் காட்டும்.

விரலால தேய்ச்சா மென்மையா வருதே, அதுல என்ன தப்பு?

விரலில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. கிராஃபைட்டோடு அது தாளில் ஏறினால் ரப்பரால் எடுக்க முடியாத திட்டு விழும், போட்டோவில் அது மங்கலான கைரேகை மாதிரியே தெரியும். அதைவிடப் பெரிய தொந்தரவு, விரல் எல்லா விளிம்பையும் ஒரே அளவு மென்மையாக்கும். மேலே சொன்ன மூன்று வகையும் ஒன்றாகிவிடும். தாளின் சொரசொரப்புக்குள் பொடி இறங்கி அடைத்துக்கொள்வதால் 1க்கும் 2க்கும் இடையில் இருந்த வெளுப்பும் போய்விடும்.

சரி, அதற்குப் பதில் என்ன? பென்சிலை பிளேடால் நீளமாகச் சீவி, நுனியிலிருந்து தள்ளிப் பின்னால் பிடித்து, கூர்முனை படாமல் பக்கவாட்டில் படும்படி லேசாக ஓட்ட வேண்டும். நிழலில் தொடங்கி வெளிச்சம் நோக்கி வரும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கோடு எங்கே முடிந்தது என்று தெரியாமல் கையைத் தூக்கிவிட வேண்டும். அடுத்த அடுக்கு கொஞ்சம் கோணம் மாறி அதன்மேல். நான்கைந்து அடுக்கு ஆகும். போட்டோவைப் பெரிதாக்கினால் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் சட்டென்று நின்றிருக்கின்றனவா, அல்லது கலைந்து கலைந்து நின்றிருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்த இடத்தில்தான் விளிம்பு கடினமாகியிருக்கும்.

இத்தனையும் ஒரே தடவையில எழுதி அனுப்பணுமா?

வேண்டவே வேண்டாம். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. எதைச் சொல்வது என்றால் வரிசையில் முதலில் வருவதைச் சொல்லுங்கள். டியூப் லைட் பெண்மணி இரண்டாவது முறை அனுப்பியபோது மூன்று சாட்சிகளும் ஒத்துப்போயின. இப்போது தெரிந்தது அடுத்த தப்பு, நிழலுக்குள் இருந்த வெளிச்சம் வெளிச்சப் பக்கத்துச் சாம்பலைவிட வெளுப்பு. விளிம்பிலும் குறை இருந்தது, தொடவில்லை. நான் எழுதியது கிட்டத்தட்ட இது:

"வெளிச்சம் இப்போது தெளிவாக இடப்பக்க மேலிருந்து வருகிறது, விழும் நிழலும் முட்டையும் ஒரே விளக்கைக் காட்டுகின்றன. முட்டையின் வலப்பக்கத்து அடியில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம் விட்டிருக்கிறீர்களே, அது உங்கள் பட்டையில் 2. நடு வயிற்றில் நிழல் தொடங்குவதற்கு முன் இருக்கும் சாம்பலும் 2தான், சில இடத்தில் அதைவிடக் கறுப்பு. ஓட்டைக் காகிதம் வைத்துப் பாருங்கள். அந்தப் பிறையை மட்டும் 3க்குக் கொண்டுபோங்கள், 2பியாலேயே இரண்டு லேசான அடுக்கு போதும். வேறெதையும் தொடாமல் அதே ஜன்னலில் எடுத்து அனுப்புங்கள்."

முதல் வரி பாராட்டுக்காக எழுதியதில்லை, எது சரியாகிவிட்டது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை அதையும் மாற்றிவிடுவார்கள்.

போட்டோ மேலயே நான் திருத்தி வரைஞ்சு அனுப்பலாமா?

கேட்டுவிட்டு, நகலில் செய்யலாம். அம்புக்குறி, வட்டம், எண் போதும். நீங்களே ஷேடிங் போட்டுக் காட்டினால் அவர் உங்கள் ஷேடிங்கைக் காப்பியடிப்பார், முட்டையைப் பார்ப்பதை விட்டுவிடுவார்.

நெட்ல எடுத்த முட்டை போட்டோவைப் பார்த்து வரைஞ்சிருக்காங்க. அதுக்கும் இதே மாதிரி சொல்லலாமா?

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லலாம், டோனைப் பற்றி ஜாக்கிரதை. அந்தப் போட்டோக்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று விளக்குகள் இருக்கும், நிழல் பகுதி அப்பிய கறுப்பாக இருக்கும், உள்ளே எழும்பும் வெளிச்சமே தெரியாது. இல்லாததை ஏன் போடவில்லை என்று கேட்க முடியாது. மூலப் போட்டோவையும் அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையோடு, வீட்டில் முட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

போட்டோவைப் பார்த்துச் சொல்லவே முடியாதது ஏதாவது இருக்கா?

மிகக் கறுப்பான இடம் உண்மையில் எவ்வளவு கறுப்பு என்பது. நேரில் 5ஆகவும் 4ஆகவும் இருப்பவை போட்டோவில் ஒன்றாகிவிடும், அல்லது மினுமினுப்பால் தலைகீழாகும். கை அழுத்தமும் தெரியாது. அதற்கு ஒரு வழி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். கோடுகள் புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம், இன்னும் மென்மையான பென்சிலுக்கு மாறும் நேரம்.

திருத்தி மறுபடி அனுப்பினா, முன்னேறியிருக்காங்களான்னு எப்படிப் பார்க்கிறது?

இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், முதலில் இரண்டிலும் வெற்றுத்தாள் ஒரே வெளுப்பா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பிடாதீர்கள், போன் முன்னேறியிருக்கலாம். ஒன்றாக இருந்தால் நீங்கள் சொன்ன அந்த ஓர் இடத்தை மட்டும் பாருங்கள். அந்தப் பெண்மணியின் மூன்றாவது படத்தில் பிறை 3க்கு இறங்கியிருந்தது, முட்டை உருண்டையாகத் தெரிந்தது. ஆனால் தொடும் இடத்தில் கறுப்பு போதாமல் மேஜையிலிருந்து ஒரு நூலளவு மேலே மிதந்துகொண்டிருந்தது. அதை அவரே கீழே எழுதி அனுப்பியிருந்தார்: "மிதக்குதுல்ல?"